‘ஸ்லிங்’ பைக்குத் தமிழில் என்ன பெயர்? தொங்குபையா, தழுவுபையா

இலாசுப்பேட்டை, புதுச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய பை தைக்கும் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன், அதோடு பைகளில் தொங்கவிடும் அட்டைகளுக்கு விவரம் எழுதுகிற வேலையும் என்னுடையதுதான். இதுவரை ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் போட்டுச் சமாளித்தோம். இப்போது முதலாளி ஐந்து வகைக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறார்: பேக்பேக், மெசஞ்சர், ஸ்லிங், பொட்லி, பெல்ட் பை.

பேக்பேக் முதுகுப்பை, அதில் பேச்சே இல்லை. சிக்கல் ஸ்லிங்கில்தான். போன மாதம் கடலூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ‘ஸ்லிங் ஒன்று அனுப்புங்கள்’ என்றார். நாங்கள் எங்கள் பட்டறையில் ஸ்லிங் என்று சொல்கிற பையை அனுப்பினோம், மெல்லிய நீள வாரில் இடுப்போரம் தொங்குகிற சின்னப் பை. அவர் பைக் ஓட்டுகிறவர். அவர் மனத்தில் இருந்தது முதுகில் ஒட்டிக் கிடக்கிற பை. எங்கள் பையோ வண்டியில் உட்கார்ந்ததும் முன்னால் சரிந்து பெட்ரோல் டேங்க் மேல் மோதிக்கொண்டே இருந்ததாம். திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே பெயரில் இரண்டு பைகள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகளுக்கு, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஸ்லிங் என்றால் கவண் தானே? தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கல் வைத்துச் சுழற்றுவார்களே, அது. ஆகவே கவண்பை எனலாம், சின்னச் சொல், பழைய சொல். மெசஞ்சர் என்பது தூதுவன், அது தூதுப்பை. பொட்லி என்பது நம் பொட்டலம்தான், எனவே பொட்டலப்பை. ஐந்தில் மூன்று முடிந்தது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஐயா, மன்னிக்கவும், நான் இருபது வருஷமாகப் பை தைக்கிறவன், தமிழ் படித்தவன் இல்லை, ஆனாலும் கவண்பை என்றால் என் கடைக்கு வருகிறவர் கல் போட்டு வைக்கிற பை என்றுதான் நினைப்பார். பெயரைப் பார்த்துப் பெயர் வைக்காமல் பையைப் பார்த்து வைக்கலாம் என்று படுகிறது. தூதுப்பையும் அப்படித்தான். சைக்கிளில் தபால் கொண்டுபோனவர்கள் சுமந்ததால் அங்கே அந்தப் பெயர் வந்தது, இங்கே அதைக் கல்லூரிப் பையன் லேப்டாப்புக்கு வாங்குகிறான்.

தங்கச்சி, அந்தக் கடலூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பையையும் மேசையில் படுக்க வைத்துப் பார். வாரின் இரண்டு முனையும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் பார், மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய பையில் இரண்டு முனையும் மேல் விளிம்பில், இடது ஓரத்தில் ஒன்று வலது ஓரத்தில் ஒன்று, ஒரே உயரத்தில் இருக்கும். வாரை நடுவில் பிடித்துத் தூக்கினால் பை நேராகத் தொங்கும், வாய் வானத்தைப் பார்க்கும். உடம்பில் குறுக்காக மாட்டினாலும் அது தொங்கத்தான் செய்யும், குனிந்தால் முன்னால் ஆடும், அதைத் தடுக்க எதுவும் இல்லை. மெசஞ்சரும் அதே கட்டுதான். பை பெரிது, வார் அகலம், வாயை மூட மேலிருந்து முன்பக்கம் விழுகிற ஒரு பெரிய மடல், அவ்வளவுதான் வித்தியாசம். சைக்கிள்காரர்களுக்குத் தைக்கும்போது கீழ்மூலையிலிருந்து இன்னொரு சின்ன வார் கொடுப்பார்கள், அதை அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து பெரிய வாரில் மாட்டினால் பை சரியாது. அந்த மூன்றாவது வார் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தாலே தெரியும், மெசஞ்சரின் இயல்பு தொங்குவது.

அவர் கேட்ட பையில் மேல் முனை பையின் உச்சியில் இருக்கும், கீழ் முனை அடி மூலையில் இருக்கும். அதனால் வார் போகிற கோட்டிலேயே பையும் போகிறது, பையே வாரின் ஒரு துண்டு மாதிரி. இறுக்கினால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றாமலே அக்குள் வழியாக மார்புக்கு இழுத்துத் திறக்கலாம். வாரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் இது கோணலாகத் தொங்கும், கடையில் சந்தேகம் வந்தால் அது போதும்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அண்ணா, நான் செவிலியர். தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். எனக்கு வலது தோள் வலி. நீங்கள் சொன்னதில் எது வாங்கினால் வலி குறையும்? முதுகுப்பை வைத்திருக்கிறேன், ஆனால் கூட்டத்தில் அதை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போடுகிறார். இறங்கும்போது ஒரே தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். அப்போது அதுவும் ஸ்லிங் ஆகிவிடுமா?

முத்தியால்பேட்டை

அக்கா, இங்கே நாங்கள் பெயர்தான் தேடிக்கொண்டிருக்கிறோம், ஆனாலும் சொல்கிறேன். ஒரே வார் உள்ள எந்தப் பையும் முழு எடையையும் ஒரு தோளில்தான் ஏற்றும். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்டால் உங்களுக்கு இரண்டு வார்ப் பைதான் சரி. வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், பை மாற்றிப் பயனில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஒரு தோளில் போட்டாலும் அது முதுகுப்பைதான், ஏனென்றால் இரண்டு வாரும் அங்கேயே இருக்கிறது. எப்படித் தைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர். அன்றைக்கு எப்படி மாட்டினீர்கள் என்பதை வைத்து வைத்தால் பஸ் ஏறும்போது ஒரு பெயர், இறங்கும்போது ஒரு பெயர் ஆகிவிடும்.

இலாசுப்பேட்டை

அண்ணா, தூக்கிப் பார்க்கிற வழியை இன்றைக்குப் பட்டறையில் பதினோரு பைகளில் செய்து பார்த்தேன். ‘ஸ்லிங்’ என்று அட்டை கட்டியிருந்ததில் எட்டு நேராகத் தொங்கியது, மூன்று கோணலாக. எட்டும் மூன்றும் ஒரே அட்டை, அதை நான்தான் எழுதியிருக்கிறேன்!

கோணல் பைக்கு ‘ஒற்றைவார்ப்பை’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் நேராகத் தொங்குவதற்கும் ஒற்றை வார்தானே, பிரிக்காது. ‘குறுக்குப்பை’ என்றால் இரண்டையும் குறுக்காகத்தான் மாட்டுகிறோம். முதுகை அணைத்துக்கொள்கிறதே என்று ‘அணைப்பை’ என்றும் எழுதினேன். பிடித்திருந்தது. ஐயா என்ன சொல்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம்

கவணை விட்டுவிட்டேன் மகளே, தம்பி சொன்னது நியாயம்தான்.

அணைப்பை வேண்டாம். ‘அணைப்பை’ என்று படிக்கிறவர் அணைப்பு என்ற சொல்லோடு ஐ உருபு சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்வார், ‘தாயின் அணைப்பை உணர்ந்தான்’ என்பதைப் போல. பை என்று முடிகிற சொல்லில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு, ப் வந்து இரட்டிக்கிற இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். வழி ஒன்று இருக்கிறது. வினைத்தொகையாக்கினால் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் என்கிறோமே, அதே போல் தொங்குபை, தழுவுபை. நேராகத் தொங்குவது தொங்குபை. உடம்போடு ஒட்டிக் கிடப்பது தழுவுபை. தம்பி இரண்டையும் பிரித்துக் காட்டிய இடமும் அதுதானே, ஒன்று தொங்குகிறது, மற்றது தழுவுகிறது.

மெசஞ்சருக்குத் தொங்குபையிலேயே மடலைச் சேர்த்து ‘மடல் தொங்குபை’. காதுமடல், தாழைமடல் என்கிற அதே மடல். பொட்லியைப் பொட்டலப்பை என்றதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

முத்தியால்பேட்டை

தழுவுபை நன்றாக இருக்கிறது ஐயா, கடையில் வாய்க்கு வரும்.

பொட்லியில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். துணியில் வைத்து முடிந்த மூட்டை என்றால் உங்கள் சொல் சரி, ஒத்தடம் கொடுக்கிற பொட்டணம் மாதிரி. இப்போது கல்யாணத்துக்கு வாங்குகிற பொட்லியில் முடிச்சு இல்லை, வாயில் மடித்துத் தைத்த குழாய், அதற்குள் கயிறு. இழுத்தால் சுருங்கும். அது நம் பாட்டிகள் வெற்றிலையும் சில்லறையும் போட்டு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை. புதுச் சொல் எதற்கு? அதில் ஒரு நுணுக்கம் உண்டு, கயிறு ஒன்றாக இருந்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சுருங்கும், கையில் மாட்டி நடக்கும்போது மெதுவாக இளகும். இரண்டு கயிறு, ஒவ்வொன்றும் முழுச் சுற்று சுற்றி எதிரெதிர்ப் பக்கம் வெளியே வந்தால், இரண்டையும் இழுக்கும்போது வாய் நடுவில் கூடும், பையின் எடையே அதை இறுக்கும். மணிக்கட்டில் மாட்டுகிற பைக்கு அதுதான் வேண்டும்.

தங்கச்சி, தழுவுபைக்கு அட்டை எழுதும்போது இரண்டு விஷயத்தை விடாதே. ஜிப் கழுத்தைப் பார்க்கிற ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, எந்தத் தோளுக்கு என்று எழுது. பை முன்னால் வரும்போது அந்த ஓரம்தான் மேலே வரும். தோளை மாற்றி மாட்டினால் ஜிப் தரையைப் பார்க்கும், திறந்ததும் சாவி, போன் எல்லாம் விழும். இரண்டு தோளுக்கும் வேண்டும் என்பவருக்கு அடி மூலைகள் இரண்டிலும் வளையம் வைத்து, ஜிப்பும் இரண்டு ஓரத்தில் வைத்துத் தைக்க வேண்டும். அடுத்தது அந்த அடி மூலை. வார் அங்கே சாய்வாக இழுக்கிறது, டேப்பை நேராகச் சொருகித் தைத்தால் ஒரு நூல்வரிசைதான் எடை தாங்கும், சில மாதத்தில் ஓரத்திலிருந்து பிரியும். முக்கோணத் துணி ஒன்றில் டேப்பை வைத்து, அந்த முக்கோணத்தை மூலையில் தைத்தால் இழுப்பும் தையலும் ஒரே திசைக்கு வரும்.

திருப்பாதிரிப்புலியூர்

தழுவுபை என்றால் எங்கள் மருத்துவமனைப் பையன்கள் சிரிப்பார்கள் அண்ணா. மாட்டுபை என்று வையுங்களேன்.

மஞ்சக்குப்பம்

எல்லாப் பையையும் மாட்டத்தானே செய்கிறோம் அம்மா. சிரிப்பு சில நாளில் அடங்கிவிடும்.

இலாசுப்பேட்டை

சரி, முதுகுப்பை, மடல் தொங்குபை, சுருக்குப்பை மூன்றும் நாளைக்கே அச்சுக்குப் போகிறது. அந்த எட்டுப் பைக்குத் தொங்குபை, மூன்றுக்குத் தழுவுபை, பக்கத்தில் சிறிய எழுத்தில் ஸ்லிங் என்றும் போட முதலாளி கேட்டிருக்கிறார், செவிலியர் அக்கா சொன்னதையும் அவரிடம் சொன்னேன். கடலூர்க்காரருக்குப் பழைய பைக்குப் பதிலாக இடது தோள் தழுவுபை ஒன்று அனுப்பியாகிவிட்டது.

பெல்ட் பைக்கு இடுப்புப்பை என்று எழுதிவைத்தேன், சந்தையில் வியாபாரிகள் கட்டுகிற அகலப் பச்சை பெல்ட் ஞாபகத்தில். ஆனால் வாங்க வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் அதை இடுப்பில் கட்டுவதே இல்லை, வாரை நீளமாக்கி மார்பில் குறுக்காகப் போட்டுக்கொள்கிறார்கள். அண்ணன் கணக்குப்படி தைத்த விதம்தான் பெயர். வார் இரண்டு பக்க முனையிலும் சேர்கிறது, கொக்கி இடுப்பு அளவுக்கு, அதனால் இடுப்புப்பை. ஆனால் அதையே மார்பில் போட்டால் வார் போகிற கோட்டில் பையும் போகிறது, உடம்போடு ஒட்டுகிறது, தூக்கிப் பார்த்தாலும் நேராகவே நிற்கிறது. அந்த ஒரு அட்டையை மட்டும் இன்னும் எழுதவில்லை.

முத்தியால்பேட்டை

வார் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறீர்கள்? 110 சென்டிமீட்டருக்குள் என்றால் பெரிய ஆளுக்கு மார்பில் போட வராது, இடுப்புதான். அதற்கு மேல் விட்டுத் தைத்தால் இரண்டுக்கும் என்று நினைத்தே தைக்கிறோம். அளந்து சொல், அப்புறம் பெயர் பார்ப்போம்.