24 வீத வட்டி, 70 வீத விலையேற்றம்: வைப்பிலிட்டவர் ஏமாளியா?

நல்லூர் நேசன்:
இலங்கையில் 2022 செப்டெம்பரில் 24 வீத வட்டி என்றதும் வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்த மாதப் பணவீக்கம் 69.8 வீதம். கழித்துப் பாருங்கள், ஒரு வருடத்தில் 45 வீதத்துக்கு மேல் நட்டம். இதுகூடத் தெரியாத சனம்.

கணக்கப்பிள்ளை:
சிரித்தது போதும் அண்ணை. அந்த 69.8 எந்த வருடத்துக் கணக்கு? 2021 செப்டெம்பரிலிருந்து 2022 செப்டெம்பர் வரை கொழும்பில் விலை ஏறிய அளவு. அன்றைக்குக் காசு போட்டவருக்கு அது முடிந்த கதை. அவருடைய காசை அரிக்கப்போவது அடுத்த பன்னிரண்டு மாத விலையேற்றம். 2023 செப்டெம்பரில் அது வெறும் 1.3 வீதம். 10 இலட்சம் போட்டவருக்கு, வட்டியில் அப்போதைய 5 வீத வரி பிடித்த பிறகும் 12 இலட்சத்து 28 ஆயிரம் கையில். வருடத் தொடக்கத்தில் 10 இலட்சத்துக்கு வாங்கிய சாமானுக்கு வருட முடிவில் 10 இலட்சத்து 13 ஆயிரம். நட்டம் எங்கே?

நல்லூர் நேசன்:
எழுபது எழுபதுதான். 1.3 என்கிறீரே, சந்தைப் பக்கம் போயிருக்கிறீரா? ஒரு சாமானாவது பழைய விலைக்கு வந்ததா?

கணக்கப்பிள்ளை:
வரவில்லை. வந்தது என்று நான் எங்கே சொன்னேன்? ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றது, அந்த வருடம் அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. அப்புறம், உங்கள் கழித்தலும் பிழை. உங்கள் எழுபதையே எடுத்தாலும் 124ஐ 169.8ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது 73. நட்டம் 27, 45 இல்லை. இவ்வளவு பெரிய எண்களில் வெறும் கழித்தல் சரிவராது.

மட்டக்களப்பு மச்சாள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமி மூத்த பிரசைகளுக்கான 15 வீத வைப்பில் போட்டிருந்தா. 2021இல் மற்றவர்களுக்கு ஆறு வீதம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை, மாமிக்குப் பதினைந்து. ஊரே பொறாமைப்பட்டது. அடுத்த வருடம் அந்த வட்டிக் காசு மருந்துக்கும் காணவில்லை. மாமி ஏமாந்தவவா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

டொரண்டோ தம்பி:
ரூபாயில் வைத்தால் இதுதான் கதி. 203 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. நாங்கள் அப்போதே சொன்னோம், டொலரில் வையுங்கள் என்று. யார் கேட்டார்கள்?

கணக்கப்பிள்ளை:
தம்பி, 2021க்குச் சரி. 2022 செப்டெம்பரில் 360க்கு டொலரை மாற்றி 24 வீதத்தில் போட்டவர், அடுத்த செப்டெம்பரில் 325 அளவில் திரும்ப வாங்கினார். வரி போக 2,778 டொலர் 3,778 ஆனது. உங்கள் டொரண்டோ வங்கி அந்த வருடம் என்ன தந்தது?

டொரண்டோ தம்பி:
இங்கே வங்கி திவாலாகுமோ என்று பயந்து நித்திரை முழித்ததில்லை. அனுப்பிய காசில் சாப்பிட்டவர்கள் இப்போது பாடம் எடுக்கிறார்கள்.

மட்டக்களப்பு மச்சாள்:
யார் காசில் யார் சாப்பிட்டது? பேச்சை அளந்து பேசுங்கள்.

நல்லூர் நேசன்:
அதை விடுங்கள். கணக்கப்பிள்ளைக்கு அடுத்த வருடப் பணவீக்கம் 2022இலேயே எப்படித் தெரிந்தது? சாத்திரம் பார்த்தாரா? அன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது எழுபது. எழுபதுதான்.

கணக்கப்பிள்ளை:
சாத்திரம் தேவையில்லை, மாதத்துக்கு மாதம் பார்த்தால் போதும். விலை பாய்ந்தது 2022 மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில். ஜூலைக்குப் பிறகு மாத ஏற்றம் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் வருடக் கணக்கு அந்தப் பாய்ச்சலைப் பன்னிரண்டு மாதமும் முதுகில் சுமந்துகொண்டிருக்கும். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியதும் மறந்துவிட்டதா?

மச்சாள், மாமியின் கணக்கு: 2021 செப்டெம்பரில் போட்ட 100 ரூபா 115 ஆனது, அதே சாமான் 169.8 ஆனது. பழைய விலையில் 68 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

நல்லூர் நேசன்:
பார்த்தீர்களா! நட்டம் என்று அவரே சொல்கிறார்.

கணக்கப்பிள்ளை:
2021இல் போட்டவருக்கு, அண்ணை! ஆறு வீதத்தில் போட்டு, முதிர்ந்ததும் 24இல் திரும்பப் போட்டவரும் மீளவில்லை. 10 இலட்சம் இரண்டு வருடத்தில் 13 இலட்சம் ஆனது, சாமான் 17 இலட்சத்து 20 ஆயிரம் ஆனது. நீங்கள் சிரித்தது அவரைப் பார்த்தா, புதிதாகப் போட்டவரைப் பார்த்தா?

நல்லூர் நேசன்:
வரிசையில் நின்ற எல்லோரையும் பார்த்துத்தான். தங்கம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் திகதியை மாற்றி மாற்றித் தப்பினீர்.

மட்டக்களப்பு மச்சாள்:
அப்போது மாமி 15ஐ உடைத்துக்கொண்டு 24க்குப் போயிருக்க வேண்டுமா? உடைத்தால் வட்டியை வெட்டுவார்கள் என்று அந்த வங்கியில் பயமுறுத்தினார்களே?

டொரண்டோ தம்பி:
டொலர்.

நல்லூர் நேசன்:
எழுபது.