KOH-இல் ஒரு மணி நேரம் வைத்தும் சிலிக்கானில் குழி விழவில்லை, உதவுங்கள்

யாழினி: நாளை மறுநாள் ரிவ்யூ. வேஃபரில் 100 மைக்ரான் சதுரத் திறப்புகள் போட்டு KOH-இல் வைத்தேன். தலைகீழ்ப் பிரமிடு மாதிரி குழி வர வேண்டும். ஒரு மைக்ரான்கூட இறங்கவில்லை. என்ன தப்பு?

பழையகை: செறிவு, வெப்பநிலை, மாஸ்க், வேஃபரின் முகம், எதையும் சொல்லாமல் கேட்டால் எப்படிம்மா?

குமரன்: மேலே இயல்பாகப் படியும் ஆக்சைடுதான் காரணம். HF-இல் முக்கி எடுத்தீர்களா?

சூரியத்தகடு: எங்கள் சோலார் செல் வேலையில் காரக் கரைசலில் போட்டால் பிரமிடுகள் தானாக வந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.

யாழினி: 30% KOH, 80 டிகிரி, நைட்ரைடு மாஸ்க். HF-இல் முக்கினேன். 4 அங்குல p வகை வேஃபர், லேப் அலமாரியில் இருந்தது. முகம் எதுவென்று பெட்டியில் இல்லை.

நித்யா: மாஸ்க் ஃபிளாட்டுக்கு நேராக இல்லாமல் திரும்பியிருக்கலாம்.

பழையகை: திரும்பியிருந்தால் குழி மாஸ்க்குக்கு அடியில் விரிந்து பெரிதாகும், இறங்காமல் இருக்காது. குமரன் சொல்லும் படலத்தையும் KOH சில நிமிடத்தில் தின்றுவிடும். (100) முகம் என்றால் இந்தக் கரைசலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மைக்ரான் போகும். நான்கு பக்கமும் 54.7 டிகிரியில் சாய்ந்த (111) சுவர்கள் கீழே கூடும்போது, சுமார் 70 மைக்ரானில் குழி தானே நின்றுவிடும். யாழினி, வேஃபரில் எத்தனை ஃபிளாட்?

யாழினி: ஒன்றுதான் சார்.

பழையகை: p வகை (100) என்றால் முதல் ஃபிளாட்டுக்கு 90 டிகிரியில் சின்னதாக இன்னொன்று இருக்கும். p வகை (111)-க்கு ஒன்றே ஒன்று. உறுதி செய்ய ஒரு துண்டின் ஓரத்தில் வைரமுனைப் பேனாவால் கீறி உடைத்துப் பார். (100) செங்கோணமாக உடையும், (111) 60 டிகிரி முக்கோணமாக.

குமரன்: அப்படியானால் சரி, (111)-இல்தான் அணுக்கள் மிக நெருக்கம். அதனால் காரம் உள்ளே போக முடியாது.

பழையகை: தம்பி, அது செம்பு போன்ற உலோகங்களுக்கு. வைர அமைப்பில் ஒற்றைத் தளமாக எண்ணினால் (110)-இல்தான் அணு அதிகம், ஆனால் அது KOH-இல் வேகமாகவே அரிபடும். பிணைப்பை எண்ண வேண்டும். (111) பரப்பில் ஒவ்வோர் அணுவையும் மூன்று பிணைப்புகள் பிடித்திருக்கின்றன, (100)-இல் இரண்டுதான்.

நித்யா: (110) பரப்பிலும் மூன்றுதானே சார்? இரண்டு பரப்போடு ஓடுகின்றன, ஒன்று கீழே போகிறது. அப்புறம் அது மட்டும் ஏன் வேகமாகப் போகிறது?

பழையகை: பரப்போடு ஓடும் பிணைப்புகளைக் காரம் எளிதில் தாக்கும் என்பது என் எண்ணம்.

நித்யா: அப்படியானால் எண்ணிக்கை மட்டும் போதாது என்றாகிறதே.

யாழினி: முக்கோணமாகத்தான் உடைந்தது. பக்கத்து லேப்பில் (100) தருகிறார்கள். நன்றி சார்.

குமரன்: (110) கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே.