மோஷன் ப்ளர்: மங்கலா, தீற்றலா?

செல்வி:

குழுவினருக்கு வணக்கம். கார் விளம்பரப் படங்களை உருவாக்கித் தரும் ஏஐ கருவிக்குத் தமிழில் ப்ராம்ப்ட் எழுதுவது எப்படி என்று எங்கள் அலுவலகத்துக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். ஓடுவது படத்தில் இழுபட்டுத் தெரியுமே, அந்த மோஷன் ப்ளர்.

நான் முதலில் எழுதியது 'மங்கல்'. சிவப்பு கார், புளியமரச் சாலை, மங்கலான பின்னணி என்று கொடுத்தேன். வந்த படத்தில் மரங்கள் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தன, இலைகளுக்கு நடுவே வெளிச்சம் வட்டவட்டமாக விழுந்திருந்தது. ஆனால் சக்கரத்தின் ஐந்து ஆரக்கால்களையும் விரல்விட்டு எண்ணலாம். ஓடுகிற கார் இல்லை அது, மரத்தடியில் நிறுத்திவைத்த கார். மறுபடி கேட்டபோது சாலை முழுக்கப் பனிமூட்டம். தப்பு என் சொல்லில்தான் என்று நினைக்கிறேன். வேறு நல்ல சொல் இருக்கிறதா?

முத்துக்குமார்:

மகளுக்கு வணக்கம். சொல்லில் குறை இல்லை. வெறும் 'மங்கல்' போதாது, 'இயக்க மங்கல்' என்று எழுத வேண்டும். நான் பல வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன், யாரும் புரியவில்லை என்றதில்லை. இன்னொன்று, காரின் வேகத்தை நீங்கள் சொல்லவே இல்லை. 'மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில்' என்று சேருங்கள். வேகம் இருந்தால் மங்கல் தானாக வரும்.

ரஃபீக்:

ஐயா சொல்வதில் பாதி சரி. அசைவு என்று சொல்லாவிட்டால் கருவிக்குத் தெரியாது. ஆனால் வேகத்தைச் சொல்வதால் அது வராது. நான் கார்களைப் படமெடுத்துப் பிழைப்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரோலிங் ஷாட் என்றால் நாங்கள் இன்னொரு வண்டியில் அதே வேகத்தில் கூடவே போவோம். கேமராவுக்குக் கார் நின்ற இடத்தில் நிற்கிறது, சாலைதான் ஓடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷட்டரை 1/60 நொடி திறந்தால், அதற்குள் வண்டி சுமார் 28 செ.மீ. நகர்ந்திருக்கும். சாதாரண கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஆக சக்கரம் 50 பாகை சுற்றியிருக்கும். ஐந்து ஆரக்கால் இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 72 பாகை. இடைவெளியில் முக்கால்வாசி இழுபட்டுவிடும், ஆனால் சக்கரத்தின் வடிவம் தெரியும். விளம்பரத்துக்கு அந்த அளவு போதும். 1/500-ல் எடுத்தால் வெறும் 6 பாகை, கார் நின்றுபோன மாதிரி ஆகிவிடும்.

இதே 28 செ.மீ.யை வேகமே இல்லாமலும் எடுக்கலாம். காரில் நீளமான கம்பி பொருத்தி, கேமராவை அதன் நுனியில் மாட்டி, நாலு பேர் 5 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் 1/5 நொடி போதும். அப்புறம் கம்பியைப் படத்திலிருந்து அழித்துவிடுவோம். பறப்பது போலத் தெரியும் எத்தனையோ விளம்பரப் படங்கள் இப்படித் தள்ளி எடுத்தவைதான். அதனால் ப்ராம்ப்டில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவதைவிட, ஆரக்கால் எவ்வளவு இழுபட வேண்டும் என்று எழுதுவதுதான் பலன் தரும்.

செல்விக்கு வந்த படம் வேறு ஜாதி. அது ஃபோகஸ் இல்லாத பின்னணி. வெளிச்சப் புள்ளியைப் பார்த்தால் போதும். வட்டமாக விரிந்தால் ஃபோகஸ், கோடாக நீண்டால் அசைவு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம் வரத்தான் செய்யும்.

ஜெகன்:

அண்ணே, பெயிண்ட் மங்கலுக்கு வழி கேட்கிறீர்களா? எங்கள் டிங்கரிங் பட்டறையில் வெயிலில் மங்கிய பெயிண்டைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துத்தான் எடுப்போம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க டியூப்லைட் போதும். கதவில் விழுகிற டியூப்லைட் கோடு நேராகப் போனால் வேலை சுத்தம். எங்கேயாவது நெளிந்தால் அடியில் பட்டி சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். கருப்பு வண்டியில் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளை வண்டி மறைத்துவிடும்.

ரஃபீக்:

ஜெகன், கேள்வி அது இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன டியூப்லைட்டை விடக்கூடாது. கருவி செய்த படங்களில் முதலில் நான் பார்ப்பதே கதவின் பளபளப்பைத்தான்.

செல்வியின் புளியமரச் சாலையை எடுத்துக்கொள்வோம். காரின் கதவில் தெரிய வேண்டியது காருக்குப் பின்னால் இருக்கும் மரமல்ல, கேமரா இருக்கும் பக்கத்து மரம். பானெட்டில் தெரிய வேண்டியது வானமும் மேலே கவிந்த கிளையும். கருவி பல சமயம் பின்னணி மரத்தையே எடுத்துக் கதவில் ஒட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. பின்னால் மரங்கள் கோடுகோடாக ஓடும், கதவில் விழுந்த மரம் மட்டும் இலை இலையாகத் தெளிவாக நிற்கும். நிஜத்தில் காரின் உடம்பு தெளிவாக இருக்கும், அதில் விழுந்த பிம்பம் கோடாக ஓடும். கதவிடுக்கு, கைப்பிடி, எழுத்து எல்லாம் கூர்மை, பிம்பம் மட்டும் இழுவல். அது அமைந்தால்தான் கண் நம்புகிறது.

சாலையும் இதற்கேற்ப அமைய வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் இரு பக்கமும் கடல், உயரமாக நிற்பது எதுவும் பக்கத்தில் இல்லை. கதவில் வானமும் ஒரு தொடுவானக் கோடும்தான் விழும், பெயிண்ட் அழகாக வரும். ஆனால் ஓட்டத்தைக் காட்டத் தார்ச்சாலை மட்டும்தான் மிச்சம். புளியமரச் சாலையில் ஓட்டம் தெரியும், கதவு கந்தலாகும். தூரத்து மலை எந்தச் சாலையிலும் இழுபடக்கூடாது. 28 செ.மீ. நகர்ந்ததெல்லாம் மலைக்கு ஒன்றுமே இல்லை. மலையும் கோடாக வந்தால் படம் பொய்.

செல்வி:

ரஃபீக் அண்ணன் 'கோடாக ஓடும்' என்று எழுதியதும் எனக்குத் தீற்றல் ஞாபகம் வந்தது. தூரிகையை இழுத்தால் விழுவது தீற்றல். அதில் திசை இருக்கிறது, நீளம் இருக்கிறது. மங்கலுக்கு இரண்டும் இல்லை. ஃபோகஸுக்கு 'மங்கல்', அசைவுக்கு 'ஓட்டத்தீற்றல்' என்று பிரித்துக்கொள்ளலாமா? கருவி தமிழை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க, அதையே விளக்கமாக எழுதிக் கொடுத்தேன்:

```
ஓடும் சிவப்பு கார், கூடவே ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படம்.
காரின் உடல் கூர்மை. ஆரக்கால்கள் பாதிக்கு மேல் தீற்றலாக.
சாலையும் அருகு மரங்களும் கிடைக்கோடாகத் தீற்றல்; தூர மலை தெளிவு.
கதவில் விழும் மரப் பிம்பமும் கிடைக்கோடாகத் தீற்றல்.
```

சக்கரமும் சாலையும் சரியாக வந்தன. மலை நின்றது. கதவு மட்டும் மூன்று முறையும் இலை இலையாகவே வந்தது.

ரஃபீக்:

கதவுக்கு மரம் வேண்டாம் என்றே சொல்லிப் பாருங்கள். கேமரா பக்கம் திறந்த வயல் என்று எழுதினால் இழுபட வேண்டிய பிம்பமே இருக்காது. நிஜப் படப்பிடிப்பிலும் நாங்கள் இப்படித்தான் பக்கம் பார்த்துச் சாலை எடுப்போம்.

முத்துக்குமார்:

தீற்றல் நல்ல சொல், என் மங்கலை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 'ஓட்டம்' இடிக்கிறது. கை நடுங்கிக் கேமரா ஆடினாலும் படம் இழுபடும், அங்கே எதுவும் ஓடவில்லை. 'அசைவுத்தீற்றல்' என்றால் இரண்டும் அடங்கும்.

செல்வி:

ஐயா, விளம்பரத்தில் கை நடுக்கத்தை யாரும் கேட்பதில்லை. கார் ஓடுகிறது என்று சொல்லிலேயே தெரிவது எனக்கு முக்கியம். கையேட்டில் இப்போதைக்கு இரண்டையும் போடுகிறேன். அப்படியே ரோலிங் ஷாட்டுக்கு 'உடனோட்டப் படம்' சரியா?

ஜெகன்:

உடனோட்டம் என்றால் எங்கள் பையன்கள் 'உடனே ஓட்டு' என்று எடுத்துக்கொள்வார்கள் அக்கா. 'கூட ஓட்டி எடுத்த படம்' என்று எழுதினால் பட்டறையில் எல்லோருக்கும் புரியும்.

ரஃபீக்:

நீளம்தான். ஆனால் நாளை படப்பிடிப்பில் டிரைவரிடம் அதையே சொல்லிப் பார்க்கிறேன்.