SOS பொத்தான் அருகே எரியும் விளக்குக்கு என்ன பெயர்?

நிர்மலா, டோர்ட்முண்ட்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்காக, காரில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய், பிரேக், ஏர்பேக் எல்லாம் முடிந்தது. ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன்.

2018 மார்ச் 31க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்ற புதுக் கார் வகைகளில், விபத்து நடந்தால் காரே 112ஐ அழைக்கும் ஈ-கால் அமைப்பு கட்டாயம். கூரையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் SOS என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். அதன் அருகே சின்ன விளக்கு. என் காரில் அது பச்சையாக இருந்தால் எல்லாம் சரி, சிவப்பாக நின்றுவிட்டால் அமைப்பில் ஏதோ குறை. வேறு கார்களில் நிறம் மாறும், சிலவற்றில் திரையில் வாசகமாகவே வரும்.

நான் முதலில் எழுதியது "அவசர அழைப்புப் பிழை விளக்கு". பள்ளிக்கு வரும் ஒரு பெரியவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். சாவகச்சேரிக்காரர். வாசித்துவிட்டு, "ஓ, கார் பிழையா ஆருக்கோ கோல் எடுத்துப்போட்டுது எண்டு சொல்லுது, என்ன?" என்று கேட்டார். எங்கள் பேச்சில் பிழை என்றால் தவறு. தவறான நம்பருக்கும் பிழையான நம்பர் என்றுதான் சொல்வோம். அவர் புரிந்துகொண்டபடி பார்த்தால் அந்த விளக்கு நடந்து முடிந்த ஒரு அழைப்பைப் பற்றியது. உண்மையில் அது இனி நடக்க வேண்டிய ஒரு அழைப்பைப் பற்றியது. இந்தச் சொல் உதவாது. வேறு என்ன சொல்லலாம்?

செந்தில், கோயம்புத்தூர்

நிர்மலா அக்கா, இரண்டு சொல் தேவை என்று நினைக்கிறேன். ஈ-காலுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று.

ஈ-காலுக்கு "விபத்தழைப்பு" என் பரிந்துரை. சின்னது, வாயில் நிற்கும். அவசர அழைப்பு என்றால் நாம் கைபேசியில் அழைப்பதும் அதில் அடங்கிவிடும். விளக்குக்கு "விபத்தழைப்புச் செயலிழப்பு விளக்கு". விளக்கு எரிந்தால் அமைப்பு செத்துவிட்டது, விபத்து நடந்தால் கார் யாரையும் கூப்பிடாது என்று நேராகப் புரியும்.

இன்னொன்றையும் துண்டறிக்கையில் சேர்க்கலாம். இந்த அமைப்பு கார் போகும் இடத்தையெல்லாம் எந்நேரமும் அனுப்பிக்கொண்டிருப்பதால், விளக்கு எரிந்தால் அந்தக் கண்காணிப்பும் நின்றுவிடும்.

பாலசுப்பிரமணியன், சென்னை

நல்ல முயற்சி. எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் 108தானே ஆம்புலன்ஸ்? 112 என்று ஏன் எழுத வேண்டும்? போன மாதம் என் மகன் வாங்கிய காரிலும் SOS பொத்தான் இருக்கிறது. சந்தா கட்டவில்லை என்றால் வேலை செய்யாது என்று ஷோரூமில் சொன்னார்கள். சந்தா முடிந்தாலும் இந்த விளக்கு எரியுமா?

யோகன், ஸ்டுட்கார்ட்

நான் பதினாறு வருடமாகக் கார் மின்னணுப் பழுது பார்ப்பவன். மொழியில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரியாமல் பெயர் வைத்தால் பெயர் பொய் சொல்லிவிடும்.

பாலு ஐயா, உங்கள் மகன் காரில் இருப்பது அந்த நிறுவனத்தின் தனிச் சேவை. அது அவர்களுடைய மையத்துக்குப் போகும். நிர்மலா கேட்பது சட்டப்படி நேரே 112க்குப் போகும், சந்தாவே இல்லாத அழைப்பு. அது வேறு.

தம்பி செந்தில், கண்காணிப்பு பற்றி நீங்கள் சொன்னது தலைகீழ். 112 ஈ-கால் கருவி சாதாரண நேரத்தில் தூங்கும். கைபேசிக் கோபுரத்தில் பதிவுகூடச் செய்துகொள்ளாது. கடைசிச் சில இடங்களை மட்டும் உள்ளே வைத்திருந்து, புதிது வரும்போது பழையதை அழித்துவிடும். எந்தப் பக்கமாக வந்த கார் என்று விபத்து நேரத்தில் சொல்ல அது வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது மோதல் நடக்கிறது என்று வையுங்கள். ஏர்பேக்கை வெடிக்கச் சொல்லும் அதே கட்டுப்பாட்டுப் பெட்டி ஈ-கால் கருவிக்கும் சைகை கொடுக்கும். கருவி விழித்து, கிடைக்கும் வலையமைப்பில் பதிவு செய்து 112ஐ அழைக்கும். மறுமுனை எடுத்ததும் முதல் சில விநாடிகள் உள்ளே இருப்பவருக்கு யார் குரலும் கேட்காது. அந்த நேரத்தில் கருவி, பழைய ஃபாக்ஸ் மாதிரி, பேசும் வழியிலேயே ஒலியாகத் தகவலை அனுப்புகிறது. மொத்தம் 140 பைட்தான். கார் நிற்கும் இடம், போன திசை, நேரம், சேசிஸ் எண், பெட்ரோலா டீசலா மின்சாரமா, தானாக அழைத்ததா பொத்தானை அழுத்தியதா, இவ்வளவும் அதில் வரும். பிறகுதான் குரல் திறக்கும். நீங்கள் பேச முடியாமல் கிடந்தாலும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. லைன் அறுந்தால் அவர்கள் திருப்பி அழைப்பார்கள். அதற்காக ஒரு மணி நேரம் கருவி விழித்திருக்க வேண்டும்.

மோதலில் காரின் பெரிய பேட்டரி நசுங்கியிருக்கலாம். அதனால் பல கார்களில் கருவிக்குள் சொந்தமாக ஒரு குட்டி பேட்டரி உண்டு. ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு மணி நேரக் காத்திருப்பு, மறுபடி ஐந்து நிமிடப் பேச்சு: அதற்கு அது தாங்க வேண்டும் என்பது ஐ.நா. விதி 144இல் உள்ள கணக்கு.

எங்களிடம் விளக்கு எரிந்து வரும் கார்களில் நான் அதிகம் பார்த்தது இந்தக் குட்டி பேட்டரியைத்தான். சென்ற மாதம் 2019ஆம் ஆண்டுக் கார் ஒன்று வந்தது. வீட்டுக்காரர் ஊருக்குப் போய் ஐந்து வாரம் நிறுத்தி வைத்ததில் பெரிய பேட்டரி இறங்கிவிட்டது. வேறு காரிலிருந்து வயர் போட்டுக் கிளப்பினார். மூன்றாம் நாள் சிவப்பு விளக்கு. சோதனைக் கருவியைப் போட்டால், ஆன்டெனா சரி, மைக் சரி, குட்டி பேட்டரியின் மின்னழுத்தம் மட்டும் குறைவு. கட்டைவிரல் பருமன் உள்ள பேட்டரி. மாற்றி, பிழைப் பதிவை அழித்து, மைக்கில் பேசியதை ஸ்பீக்கரில் திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். விளக்கு பச்சை. சோதித்துப் பார்க்கிறேன் என்று பொத்தானை அழுத்தி 112ஐ எடுக்காதீர்கள், அங்கே வேறொருவர் உயிருக்காகக் காத்திருப்பார். தெரியாமல் அழுத்திவிட்டால் துண்டிக்காமல் இருந்து, தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள்.

இப்போது பெயருக்கு வருகிறேன். அந்தக் காரில் அமைப்பு சாகவில்லை. பெரிய பேட்டரி தப்பிக்கும் விபத்து என்றால் அழைத்திருக்கும். மைக் போயிருந்தாலும் அப்படித்தான், 140 பைட் போய்விடும், உங்கள் குரல் மட்டும் போகாது. ஆகவே "செயலிழப்பு" அதிகப்படி. "விபத்தழைப்பு"ம் எனக்கு நெருடுகிறது. பொத்தானை விபத்துக்கு மட்டுமா அழுத்துகிறோம்? பக்கத்தில் இருப்பவருக்கு நெஞ்சுவலி வந்தாலும், வழியில் வேறு வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் அழுத்தலாம்.

கமலன், ஸ்டாக்ஹோம்

யோகன் அண்ணா, மனைவியின் காரில் இந்த விளக்கு மைனஸ் பதினைந்து குளிரில் காலையில் எரியும், மத்தியானம் அணைந்துவிடும். அணைகிறதே என்று இரண்டு குளிர்காலமாக விட்டுவிட்டேன். கையில் போன் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன். உங்கள் மடலைப் படித்ததும் உறுத்துகிறது. இதுவும் அந்த பேட்டரிதானா?

யோகன்

பெரும்பாலும் அதுதான். குளிரில் பழைய பேட்டரியின் மின்னழுத்தம் விழும், வெயில் ஏறினால் எழும். அணைந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று எடுக்காதீர்கள், ஜனவரி இரவில்தான் அது தேவைப்படும். அணைந்திருந்தாலும் பதிவு உள்ளே இருக்கும், பட்டறையில் படிக்கச் சொல்லுங்கள். ஆன்டெனா இணைப்பு தளர்ந்திருந்தாலும் வெப்பத்துக்கு ஏற்ப வந்து போகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, போன்: மோதும்போது மடியில் இருந்த போன் எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும். இருக்கைக்கு அடியிலிருந்து எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

செந்தில்

கண்காணிப்பு பற்றிய வரியைத் திரும்பப் பெறுகிறேன், யோகன் அண்ணா. நன்றி. "செயலிழப்பு"ம் வேண்டாம். பழுது என்றால்?

நிர்மலா

பழுதை நானும் யோசித்தேன். ஆனால் பழுது என்றதும் உடைந்த, கெட்டுப்போன ஒன்று கண்ணில் வருகிறது. கமலனின் விளக்கு மாதிரி வந்து போவதற்குக் "கோளாறு"தான் பொருந்தும். வயிற்றுக் கோளாறு என்கிறோமே, அதில் வயிறு இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் சரியில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் ஒரே பொருள் தரும்.

யோகன் அண்ணா, ஒரு கேள்வி. ஜெர்மனியில் 3ஜி 2021இல் மூடியாயிற்று. இந்தக் கார்களுக்கு 2ஜிதான் மிச்சம். அதையும் மூடினால் விளக்கு எரியுமா?

யோகன்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எரியும் என்று நம்பாதீர்கள். வண்டியைக் கிளப்பும்போது கருவி தன் உறுப்புகளைத்தான் சோதித்துக்கொள்கிறது. தூங்கும் கருவி வலையமைப்பைத் தேடுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? வெளியே கோபுரம் இல்லை என்பது அதற்கு அழைக்கும்போதுதான் தெரியவரும். காட்டுப் பாதையில் சிக்னல் இல்லாத இடத்திலும் விளக்கு பச்சையாகவே இருக்கும். 2026 முதல் அனுமதி பெறும் புது வகைக் கார்களுக்கு 4ஜி, 5ஜி வழியாக அழைக்கும் புதிய ஈ-கால் கட்டாயமாகிறது. ஏற்கெனவே ஓடும் கார்களுக்கு அந்தச் சட்டம் எதுவும் செய்யாது.

நிர்மலா

அப்படியானால் பெயரில் "கருவி" வந்தே ஆக வேண்டும். விளக்குக்குத் தெரிந்தது காருக்குள் இருக்கும் கருவி மட்டும். "அவசர அழைப்புக் கருவிக் கோளாறு விளக்கு" என்று வைக்கிறேன். நீளம்தான், ஆனால் அந்தப் பெரியவரிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தேன். "கோல் எடுக்கிற சாமானுக்கு என்னவோ வந்திட்டுது, கராஜுக்குக் கொண்டு போகவேணும்" என்றார். அதற்குமேல் எனக்கு வேண்டாம்.

துண்டறிக்கையில் அதன் கீழே எழுதியது: "இது எரிந்தால் கார் ஓடும். இதனால் மட்டும் ஏர்பேக் கெடாது. ஆனால் விபத்தில் கார் தானாக 112ஐ அழைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பட்டறையில் காட்டும்வரை போனைத் தாங்கியில் பொருத்தி ஓட்டுங்கள். பச்சையாக இருந்தாலும் சிக்னல் இல்லாத இடத்தில் அழைப்பு போகாது."

செந்தில்

கோளாறும் கருவியும் சரி. "அவசர அழைப்பு" மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. நானே கைபேசியில் அழைப்பதற்கும் அதே சொல், கார் அழைப்பதற்கும் அதே சொல் என்றால், சொற்பட்டியலில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? "ஊர்தியழைப்பு" என்று ஒரு வரி போட்டு வைக்கிறேன். பொத்தானை அழுத்தினாலும், தானாகப் போனாலும், அழைப்பது ஊர்திதான்.

பாலசுப்பிரமணியன்

ஊர்தியழைப்பு என்றால் டாக்ஸி கூப்பிடுவது போல் அல்லவா கேட்கிறது?

கமலன்

எனக்கும் முதலில் டாக்ஸிதான் தோன்றியது. வியாழக்கிழமை பட்டறையில் நேரம் வாங்கியிருக்கிறேன், என்ன பதிவு வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.