வீட்டு விலை பேசும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள், கேள்வி கேட்டே தப்பித்தவர்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சிங்காநல்லூர்வாசி

பத்திரம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. உரிமையாளர் 58 லட்சம் சொன்ன வீடு. புரோக்கர் பைக்கை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டே கேட்டார்: "சார், லோன் எவ்வளவு சாங்ஷன் ஆகியிருக்கு?" நானும் யோசிக்காமல், "42 தருகிறார்கள், பத்திரச் செலவு போகக் கையில் 13 இருக்கிறது" என்றேன். கூட்டிப் பார்க்க அவருக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. மறுநாளிலிருந்து உரிமையாளர் 55-க்கு ஒரு ரூபாய் கீழே இறங்கவில்லை.

பதிவு நாளில்தான் விஷயம் தெரிந்தது. சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் நான் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உரிமையாளர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "இன்னிக்கே அனுப்பிடறேன் சார், அட்வான்ஸை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க." வேறு ஒரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. விலையைவிட அவருக்குத் தேதிதான் பெரிது. இருபது நாள் அவரோடு பேசினேன், ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ஆவடி அக்கா

கேட்டிருக்கிறேன், தம்பி. ஆனால் "அவசரமா விக்கறீங்களா?" என்று கேட்காதீர்கள். "அவசரமே இல்லீங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "ஏன் விக்கறீங்க?" என்று கேட்டாலும் மனுஷர் உஷாராகிவிடுவார்.

நாங்கள் பார்த்தது இரண்டு படுக்கையறை பிளாட், கேட்டது 72. 68-க்கு மேல் போவதில்லை என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுப் போனோம். முதல் நாள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. தண்ணீர் வருவது, மெயின்டனன்ஸ், பார்க்கிங் இவற்றைக் கேட்டோம். அப்புறம் போகிற போக்கில், "பதிவு எந்த மாசம் வெச்சுக்கிட்டா உங்களுக்கு வசதி? சாவி எப்ப தர முடியும்?" என்றேன். அவர் "எப்ப வேணா" என்றார். ஆனால் சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி பேசாமல் பிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். அதில் காந்தம் வைத்துப் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு அட்டவணை ஒட்டியிருந்தது. "பையன் எக்ஸாம் முடியற வரைக்கும் இங்க இருக்க முடிஞ்சா நல்லா இருக்கும்" என்றார். அது டிசம்பர் மாதம். பணம் அவர்களுக்கு ஜனவரியிலேயே தேவை, வீடு ஏப்ரல் வரைக்கும் தேவை. வாங்க வந்த மற்றவர்கள் எல்லோரும் பதிவன்றே சாவி வேண்டும் என்றார்களாம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். நாலு மாதம் அவர்களை வாடகை இல்லாமல் இருக்க விட்டால், எங்கள் வாடகை மாதம் 16,000 வீதம் 64,000 போகும். தவணையும் ஓட ஆரம்பித்துவிடும். அது எப்படியும் கட்ட வேண்டிய கடன்தான், ஆனாலும் அந்த நாலு மாத வட்டியையும் செலவில் சேர்த்தோம். அப்படியும் விலையில் மூன்று லட்சம் குறைந்தால் எங்களுக்கு லாபம். "ஜனவரியில் பதிவு, ஏப்ரல் கடைசி வரை நீங்கள் இருக்கலாம், 66 தருகிறோம்" என்றோம். 67-க்கு முடிந்தது. எங்கள் 68 அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்று முக்கியம். இப்படிச் செய்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் கொடுத்த பிறகு அவர்கள் உள்ளே இருப்பார்கள், காலி செய்யாவிட்டால் திண்டாட்டம் உங்களுக்குத்தான். வக்கீலை வைத்துத் தனி ஒப்பந்தம் போட்டு, அவர்களிடமே இரண்டு லட்சம் டெபாசிட் வாங்கி, சாவி தந்த அன்று திருப்பிக் கொடுத்தோம்.

பேரம் பழகியவன்

அக்காவுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். எத்தனை பேர் அப்படி வாயைத் திறப்பார்கள்? என் அனுபவத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. முதலில் தொகை சொன்னவன் தோற்றான். திருப்பூரில் ஒரு மனை வாங்கும்போது பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அவரே இரண்டு லட்சம் குறைத்தார்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். பட்ஜெட் கேட்டால் நிஜத்தைவிட ஐந்து லட்சம் குறைத்துச் சொல்லுங்கள். வீடு பிடித்த மாதிரி முகத்தில் காட்டாதீர்கள். மனைவியை முதல் தடவை அழைத்துப் போகாதீர்கள், அவர்கள் "பூஜை அறை நல்லா இருக்கே" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது தடவை போகும்போது வேறு ஒரு வீட்டைப் பற்றிப் பேசுங்கள். ஆடி மாதம் போங்கள், அப்போது வாங்க ஆள் வரமாட்டார்கள். "கடைசி விலை என்ன" என்று மூன்று தடவையாவது கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் இறங்கும்.

ஆவடி அக்கா

பொய்த் தொகை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து குறைத்துச் சொல்லிவிட்டு, பிறகு நாலு ஏற்றினால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. என்னிடம் பட்ஜெட் கேட்டபோது, "மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காம எப்படிங்க தொகை சொல்றது?" என்றேன். அது உண்மை, அதற்குமேல் யாரும் துருவவில்லை.

"கடைசி விலை" கேட்டால் கிடைப்பது இரண்டாவது விலை, அவ்வளவுதான். அவருக்கு எது முக்கியம் என்பது அதில் வராது. பேசாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

இரவுப்பணி

எனக்கு வேலை இன்டர்வியூவில் இதேதான் நடந்தது. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள், 9 லட்சம் என்றேன், உடனே சரி என்றார்கள். அந்த "உடனே"தான் இன்னும் வலிக்கிறது. சேர்ந்த பிறகு தெரிந்தது, நோட்டீஸ் காலம் இல்லாமல் உடனே வரக்கூடிய ஆள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நான் அப்போது வேலையில்லாமல் இருந்தேன். அதை என் குறை என்று நினைத்துத்தான் சம்பளத்தைக் குறைத்துச் சொன்னேன்.

மயிலாடுதுறை

எனக்கு நடந்தது வேறு மாதிரி. அக்கா சொன்னது போலத்தான் கேட்டேன், நல்ல பதிலும் வந்தது, இடம்தான் கைக்கு வரவில்லை. அப்பா பெயரில் இருந்த மனை, வாரிசுகள் மூன்று பேர். "பதிவன்னிக்கு மூணு பேரும் வந்து கையெழுத்துப் போடுவாங்களா?" என்றேன். மூத்தவர் சொல்லிவிட்டார்: "தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கு, ரெண்டு வாரம் லீவுல வருது, அதுக்குள்ள முடிஞ்சா சரி, இல்லைன்னா அடுத்த வருஷம்தான்." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பணம் தயாராக இருந்தது, தேதியைக் கொடுத்துவிட்டு விலையைக் குறைக்கலாம்.

ஆனால் கேட்டது புரோக்கர் முன்னால். நான் மூன்று நாள் ஆறப்போட்டு ஒரு தொகை சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் இன்னொருவரை, ரொக்கமாக முடிப்பவரை, அழைத்து வந்துவிட்டார். வியாபாரம் முடிந்தால்தானே அவருக்குக் கமிஷன்? இந்த மாதிரி கேள்வியை உரிமையாளரிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பேரம் பழகியவன்

புரோக்கரை ஒதுக்கினால் அடுத்த வீட்டைக் காட்டவே மாட்டார், அதையும் யோசியுங்கள். அவரிடமே கேட்கலாமே, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

மயிலாடுதுறை

தெரியும். நாம் சொன்னதும் அவருக்குத் தெரியும். சிங்காநல்லூர்க்காரர் 42 என்று சொன்னது யாரிடம்?

சிங்காநல்லூர்வாசி

ஆமாம், புரோக்கரிடம்தான். உரிமையாளர் என்னிடம் பட்ஜெட்டைக் கேட்டதே இல்லை. அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

தம்பி அடுத்த மாதம் ஒரு வீடு பார்க்கப் போகிறான், அதுவும் புரோக்கர் மூலமாகத்தான். அக்கா, நீங்கள் அன்று சாவியைப் பற்றிக் கேட்டபோது புரோக்கர் பக்கத்தில் இருந்தாரா?

ஆவடி அக்கா

இருந்தார். பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தார்.