அலுவலக லீஸைப் புதுப்பிக்க விருப்பமில்லை: லாக்-இன் முடியும் முன்பே நோட்டீஸ் அனுப்பலாமா?

கிண்டி_அட்மின் (20.05.2026)
எங்கள் அலுவலகத்துக்கு மூன்று வருட லீஸ், பதிவு செய்த பத்திரம். தொடக்கம் 15.10.2023, முடிவு 14.10.2026. உள்வேலைக்காக முதல் ஒன்றரை மாதம் வாடகை கிடையாது, வாடகை ஓட ஆரம்பித்தது 01.12.2023. லாக்-இன், அதாவது இடையில் காலி செய்ய முடியாத காலம், 30 மாதம், அது வாடகை தொடங்கிய நாளிலிருந்து என்று எழுதியிருக்கிறது. லாக்-இன் முடிந்த பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம் என்று ஒரு பிரிவு. முடிவுத் தேதிக்கு 90 நாள் முன்பு எழுத்தில் மறுக்காவிட்டால் 15 சதவீத உயர்வோடு இன்னும் மூன்று வருடம் தானாக நீளும், புதிதாக 12 மாத லாக்-இன் வரும் என்று இன்னொரு பிரிவு.

அக்டோபரில் வேறு இடம் போகிறோம். "லாக்-இன்னுக்குள் எந்த நோட்டீஸும் செல்லாது, ஜூலை கடைசியில் அனுப்புங்கள்" என்கிறார் ஓனரின் மேனேஜர். அவர் சொல்வது சரியா? வாட்ஸப்பில் முன்பே சொல்லிவிட்டேன், "ஓகே" என்றும் பதில் வந்தது.

தாம்பரம்_வாசகர்
காலம் குறிப்பிட்ட லீஸ் அந்தக் காலம் முடிந்தால் தானாக முடிந்துவிடும், சொத்து மாற்றுச் சட்டம் 111ஆம் பிரிவில் இருக்கிறது. நோட்டீஸே தேவையில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

லீஸ்_வக்கீல்
பொதுவாக அது சரிதான் சார். ஆனால் இவர்கள் பத்திரத்தில் தானாக நீளும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்தால், அக்டோபர் 15 அன்று ஓனர் புது லாக்-இன்னைக் காட்டி ஒரு வருட வாடகை கேட்பார்.

மேடம், உங்கள் பத்திரத்தில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. மூன்று மாத நோட்டீஸ், காலம் முடியும் முன்பே வெளியேறுவதற்கு. லாக்-இன் தடுப்பது அதைத்தான். 90 நாள் நோட்டீஸ் காலத்தைக் குறைக்கவில்லை, 14.10.2026 வரை வாடகை தரத்தான் போகிறீர்கள். எனவே அதை லாக்-இன்னுக்குள் அனுப்பினாலும் தவறில்லை என்பது என் கருத்து.

ஆனால் வாதத்துக்கே இடம் தர வேண்டாம். 01.12.2023 முதல் 30 மாதம் என்றால் லாக்-இன் 31.05.2026 அன்று முடிகிறது. அக்டோபர் 14லிருந்து 90 நாள் பின்னால் எண்ணினால் ஜூலை 16. இரு முனையில் ஒரு நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற சண்டை வரும், அதனால் ஜூன் முதல் வாரமே அனுப்புங்கள். கடிதம் அவர் கையில் சேர்ந்த நாள்தான் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் சொன்ன ஜூலை கடைசி என்பது காலம் கடந்த நோட்டீஸ்.

கடிதத்தில் புதுப்பித்தல் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, "இது முன்கூட்டிக் காலி செய்யும் நோட்டீஸ் அல்ல, 14.10.2026க்குப் பிறகு நீட்டிப்பு வேண்டாம் என்ற அறிவிப்பு" என்று எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால், மூன்று மாதத்தில் காலி செய்வதாகச் சொன்னீர்களே என்று திருப்பிக் கேட்க முடியும்.

மதுரை_கடைக்காரர்
எனக்கும் இப்படித்தான், அட்வான்ஸைத் தரவே மாட்டேன் என்றார். கடைசி நான்கு மாதம் வாடகை கட்டாமல் கழித்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

லீஸ்_வக்கீல்
செய்ய வேண்டாம். அட்வான்ஸை வாடகையில் கழிக்கக் கூடாது என்று பல அலுவலகப் பத்திரங்களில் இருக்கும். வாடகை பாக்கி என்ற பெயர் வந்துவிட்டால், பத்திரத்தை மீறிய தரப்பு நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

கிண்டி_அட்மின்
அப்போது வாட்ஸப் "ஓகே"?

லீஸ்_வக்கீல்
நோட்டீஸ் எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவைப் பாருங்கள். எழுத்தில், பதிவுத் தபாலில், பத்திரத்தில் உள்ள முகவரிக்கு என்று இருந்தால் அதன்படிதான். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவுச் சேவையும் சேர்த்து, ஒப்புகைக்கும் கேளுங்கள். வாட்ஸப்பைப் பின்னணிச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் ஒருவரா?

கிண்டி_அட்மின்
அண்ணன் தம்பி இருவர். வாடகை பாதிப் பாதியாகப் போகிறது.

லீஸ்_வக்கீல்
இருவருக்கும் தனித்தனி உறை.

தாம்பரம்_வாசகர்
நீட்டிப்புப் பிரிவு இருந்ததைக் கவனிக்கவில்லை, சரி. ஆனால் புது மூன்று வருடத்துக்குப் புதுப் பத்திரம் பதிவு செய்ய வேண்டாமா? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸுக்குப் பதிவு கட்டாயம். தானாக நீண்டது எப்படிச் செல்லும்?

லீஸ்_வக்கீல்
நல்ல கேள்வி. வழக்கு என்று வந்தால் நான் அந்த வாதத்தை எடுப்பேன். எதிர்தரப்பு, முதல் பத்திரத்திலேயே நீட்டிப்பும் பதிவாகிவிட்டது என்பார்கள். எது நிற்கும் என்பது பிரிவின் வாசகத்தைப் பொறுத்தது. அந்த வாதத்தை நம்பி ஜூலை 16ஐத் தவறவிட வேண்டாம்.

கிண்டி_அட்மின் (10.06.2026)
ஜூன் 2 அன்று இரண்டு உறையும் அனுப்பினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். தம்பியின் உறை "கதவு பூட்டு" என்று திரும்பி வந்தது, அவர் அந்த வீட்டில் இப்போது இல்லையாம். திரும்பிய உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இன்று அவருடைய புது முகவரிக்கு இன்னொரு பிரதியும் பழைய முகவரிக்கு மறுபடி ஒன்றும் அனுப்பியாயிற்று. நாளை எங்கள் ஆள் நேரில் போய் நகலில் கையெழுத்து வாங்க முயல்வார். இன்னும் 36 நாள் இருக்கிறது.