மூன்று புள்ளியோடு நின்றுபோன இணைப்பு

கயல்: கடற்பறவைகள் பற்றிய நல்ல கட்டுரை ஒன்றை நண்பர் முன்பு அனுப்பியிருந்தார், நான் அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தேன். இன்று திறந்தால் பக்கம் இல்லை என்கிறது. இணைப்பு இப்படித்தான் இருக்கிறது:

```
https://example.org/2015/03/%E0%AE%95%E0%AE%9F%E0%AE%B2%E0%AF%8D-%E0%AE%AA%E0%AE...
```

மணி: சுருக்கிய இணைப்பா? bit.ly என்றால் கடைசியில் ஒரு + போட்டுப் பாருங்கள், எங்கே போகிறது என்று காட்டும்.

சுடர்: மணி, இது சுருக்கியது இல்லை, வெட்டுப்பட்டது. நீளமான முகவரியைத் திரையில் பாதி மட்டும் காட்டிவிட்டு மூன்று புள்ளி வைப்பார்கள், முழு முகவரி அடியில் ஒளிந்திருக்கும். இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் புள்ளிதான் வரும். கயல், நண்பரின் செய்தி இன்னும் இருந்தால் அந்த இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து முகவரியை நகலெடுங்கள், வேலை முடிந்தது.

கயல்: அந்தச் செய்தி அழிந்துவிட்டது.

அருவி: web.archive.org-இல் இதை அப்படியே ஒட்டுங்கள், பழைய பக்கம் வரும். எனக்குப் பல முறை வந்திருக்கிறது.

சுடர்: முழு முகவரி இருந்தால்தான் அப்படி வரும், அருவி. வெட்டுப்பட்டதை ஒட்டினால் எதுவும் கிடைக்காது. அப்புறம் கயல், நீங்கள் நினைப்பதைவிட அதிகம் உங்கள் கையில் இருக்கிறது. முகவரியில் தமிழின் ஒவ்வோர் எழுத்தும், புள்ளியும் கொம்பும்கூட, மூன்று மூன்று துண்டாக மாறுகிறது. %E0%AE%95 என்றால் க, %E0%AE%9F என்றால் ட. அதனால்தான் தமிழ் முகவரிகள் இத்தனை நீளமாகி, சீக்கிரம் வெட்டுப்படுகின்றன. உங்களுடையதைப் படித்தால் 'கடல்-ப' வரை தெளிவாக இருக்கிறது, கடைசி %E0%AE மட்டும் பாதி எழுத்து. அதையும் புள்ளிகளையும் அழித்துவிட்டு, %AA-வோடு நிறுத்தித் திறந்து பாருங்கள். தளம் வேர்ட்பிரஸில் ஓடினால், அதே தொடக்கமுள்ள பதிவைத் தானே தேடி அங்கே அனுப்பிவிடும். 'கடல்-ப' என்று தொடங்கும் பதிவு அந்த மாதத்தில் இரண்டு இருந்தால் தவறானதுக்கும் போகலாம், தலைப்பைச் சரிபாருங்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால், இப்படிக் கடைசியில் நட்சத்திரம் போட்டுத் தேடுங்கள்:

```
https://web.archive.org/web/*/example.org/2015/03/*
```

அந்த மாதத்துப் பதிவுகளில் எப்போதாவது சேமிக்கப்பட்டவற்றின் முகவரிகள் பட்டியலாக வரும். யாரும் சேமிக்காத பக்கம் மட்டும் அதில் இருக்காது.

கயல்: தளம் தானாக எங்கும் அனுப்பவில்லை, அதே பிழைதான். நட்சத்திரம் போட்ட பட்டியலில் 'கடல்-பறவைகள்' இருந்தது! படங்கள் இரண்டு திறக்கவில்லை, கட்டுரை முழுதாக இருக்கிறது. மிக்க நன்றி, சுடர்.

இளங்கோ: என்னிடம் ஒரு யூடியூப் இணைப்பு, v= என்பதற்குப் பிறகு ஏழு எழுத்தோடு நிற்கிறது. இதையும் மீட்கலாமா?

சுடர்: அதில் 11 எழுத்து வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்துகூட மாறக்கூடாது. நான்கு எழுத்தை ஊகிக்க முடியாது. அனுப்பியவர் பக்கத்தில் வேறு என்ன எழுதியிருந்தார்? அந்தச் சொற்களை வைத்து வேண்டுமானால் தேடலாம்.

இளங்கோ: "இதைக் கேளுங்கள்" என்று மட்டும்தான்.